ஆன்டிபயாடிக்கும் குடல் பாக்டீரியாவும்: புரோபயாடிக் எதற்கு உதவும், எதற்கு உதவாது?

டாக்டர் ஆன்டிபயாடிக்கோட ஒரு புரோபயாடிக் கேப்சூலும் எழுதியிருக்கார். கட்டாயம் வாங்கணுமா?

கட்டாயம் என்று சொல்ல முடியாது, வீண் என்றும் ஒதுக்க முடியாது. புரோபயாடிக் என்பது உடம்புக்கு நல்லது செய்யும் என்று கொடுக்கப்படும் உயிருள்ள நுண்ணுயிர். ஆன்டிபயாடிக் சாப்பிடும் நாட்களில் வரக்கூடிய வயிற்றுப்போக்கைத் தடுக்க, குறிப்பிட்ட சில புரோபயாடிக்குகள் உதவுகின்றன. குழந்தைகளைப் பொறுத்தவரை இதற்குச் சான்று நன்றாகவே இருக்கிறது. பெரியவர்கள் விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

ஆனால் "ஆன்டிபயாடிக் அழித்த நல்ல பாக்டீரியாவை இது திரும்ப நிரப்பிவிடும்" என்று மருந்துக் கடையில் சொல்கிறார்கள் அல்லவா, அது வேறு சங்கதி. அதற்குச் சான்று கிடையாது. வயிற்றுப்போக்கைத் தடுப்பது ஒன்று, குடலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இன்னொன்று. விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாகக் காட்டுகின்றன. இங்கே இரண்டையும் பிரித்தே பார்ப்போம்.

குடலுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?

70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக 2016-ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது. நம் சொந்தச் செல்கள் ஏறக்குறைய 30 லட்சம் கோடி. அதாவது கிட்டத்தட்ட சரிக்குச் சரி. "நம் செல்களைப் போல பத்து மடங்கு பாக்டீரியா" என்று இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுவது பழைய, தோராயமான மதிப்பீடு. எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் வரும். அதில் மிகப் பெரும்பகுதி பெருங்குடலில் இருக்கிறது.

இவை செய்யும் வேலைகளில் மூன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற பதில்களுக்கு அதுவே போதும். முதலாவது, நமக்குச் செரிக்காத நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பெருங்குடலின் உட்சுவர்ச் செல்களுக்கு முக்கியமான எரிபொருளே இந்த பியூட்டிரேட்தான். உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொள்ள அது தேவை. இரண்டாவது, கல்லீரல் அனுப்பும் பித்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. மூன்றாவது, இருக்கிற இடத்தையும் உணவையும் தாமே பிடித்துக்கொண்டு, வெளியிலிருந்து வரும் நோய்க்கிருமிக்கு ஒண்ட இடம் தராமல் பார்த்துக்கொள்கின்றன.

ஆன்டிபயாடிக் சாப்பிட்டா ஏன் பேதி ஆகுது?

மேலே சொன்ன மூன்று வேலைகளும் தடைப்படுவதால். தொண்டையிலோ பல்லிலோ இருக்கும் கிருமிக்காகத்தான் மாத்திரை போடுகிறோம். ஆனால் மருந்து குடலுக்கும் போகிறது, அங்கே இருப்பவற்றையும் தாக்குகிறது. நார்ச்சத்தைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா குறைந்தால் பியூட்டிரேட் குறையும், தண்ணீர் சரியாக உறிஞ்சப்படாது. செரிக்காமல் தங்கிவிட்ட மாவுச்சத்தும் சர்க்கரையும் தம் பங்குக்குத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். மலம் இளகிப் போகும். பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இவ்வளவுதான். கிருமித் தொற்று எதுவும் இல்லை, மருந்து முடிந்ததும் தானாகவே சரியாகிவிடும்.

சில மருந்துகள் பாக்டீரியாவைத் தொடுவதற்கு முன்பே குடலைக் கலக்கிவிடும். எரித்ரோமைசின் வயிறு, குடல் தசைகளை நேரடியாகத் தூண்டிவிடுகிறது. அமாக்ஸிசிலினோடு சேர்ந்து வரும் கிளாவுலனிக் அமிலமும் குடல் அசைவைக் கூட்டுகிறது. இங்கே ஒரு சின்ன விஷயம் தெரிந்திருப்பது நல்லது. 625 மாத்திரையில் 500 மில்லிகிராம் அமாக்ஸிசிலின், 125 கிளாவுலனிக் அமிலம். 375 மாத்திரையில் 250-ம் அதே 125-ம். கடையில் 625 இல்லை என்று "இரண்டு 375 போட்டுக்கோங்க" என்றால், அமாக்ஸிசிலின் சரியாக வந்துவிடும், ஆனால் கிளாவுலனிக் அமிலம் இரு மடங்காகிவிடும். வயிறு கெடுவதற்கு வேறு காரணமே வேண்டாம்.

மூன்றாவது வேலை கெட்டால் என்ன ஆகும் என்பதை 1954-லேயே எலிகளில் காட்டிவிட்டார்கள். சாதாரண எலிக்கு சால்மோனெல்லா தொற்ற ஏறக்குறைய ஒரு லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. முன்கூட்டியே ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாக இருந்தன.

அழிஞ்ச பாக்டீரியா திரும்ப வருமா? எத்தனை நாள் ஆகும்?

பெரும்பாலானவை வந்துவிடும், சில வராமலும் போகலாம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டேவிட் ரெல்மனும் லெஸ் டெத்லெஃப்சனும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இதை நெருக்கமாகப் பார்த்தது. நலமாக இருந்த மூன்று பேருக்கு சிப்ரோஃப்ளாக்ஸசின் ஐந்து நாள் கொடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி ஐந்து நாள். பத்து மாதம் தொடர்ந்து மலத்தைப் பரிசோதித்தார்கள். மருந்து தொடங்கி மூன்று நான்கு நாட்களிலேயே பாக்டீரியாவின் பன்மை சரிந்தது. மருந்தை நிறுத்திய ஒரு வாரத்துக்குள் மீளவும் தொடங்கியது. ஆனால் மீண்டு வந்த கூட்டம் பழைய கூட்டமாகவே இருந்துவிடவில்லை, அதோடு மூன்று பேருக்கும் மூன்று விதமாக அமைந்தது. மூன்றே பேர்தானே என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் ஒரே ஆளை மாதக் கணக்கில் தொடர்ந்து பார்த்தது இதன் பலம்.

2018-ல் டென்மார்க்கில் பன்னிரண்டு ஆண்களுக்கு, மருத்துவமனையில் கடும் தொற்றுக்குத் தரும் மெரோபெனம், ஜென்டாமைசின், வான்கோமைசின் மூன்றையும் நான்கு நாள் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவ்வளவு கடுமையான தாக்குதலுக்குப் பிறகும் ஒன்றரை மாதத்தில் குடல் பெரும்பாலும் பழைய நிலைக்கு அருகே வந்துவிட்டது. ஆனால் தொடக்கத்தில் எல்லோரிடமும் இருந்த ஒன்பது இனங்கள், ஆறு மாதம் கழித்தும் பெரும்பாலானோரிடம் தென்படவில்லை.

அந்த ஒன்பது இனங்கள் இல்லாததால் ஒருவருக்கு உடம்புக்கு ஏதாவது வருமா? நலமானவர்களிடம் அப்படி ஒன்றும் கண்ணுக்குத் தெரிகிற கெடுதல் நடக்கவில்லை. மாதக் கணக்கில் குடல் "கெட்டுப்போய்க் கிடக்கிறது" என்று பயப்பட இதில் ஒன்றுமில்லை. சளி, சாதாரண ஜுரத்துக்கெல்லாம் வருஷத்துக்கு நான்கு தடவை ஆன்டிபயாடிக் எடுப்பவர் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தச் சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது, குடலை மட்டும் கலைத்துவிட்டுப் போகும்.

அப்போ புரோபயாடிக் சாப்பிட்டா சீக்கிரம் மீண்டுடும்தானே?

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வுக் கழகத்தில் எரான் எலினாவ், எரான் செகல் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு அந்த நினைப்பை ஆட்டிவிட்டது.

நலமான 21 பேருக்கு சிப்ரோஃப்ளாக்ஸசினும் மெட்ரோனிடசோலும் ஒரு வாரம் கொடுத்தார்கள். பிறகு மூன்று பிரிவாக்கினார்கள். ஏழு பேரை ஒன்றும் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். எட்டுப் பேருக்கு 11 ரகங்கள் கலந்த புரோபயாடிக் நான்கு வாரம். மீதி ஆறு பேருக்கு, மருந்து கொடுக்கும் முன்பே எடுத்துப் பாதுகாத்து வைத்திருந்த அவரவர் மலத்தையே குடலுக்குள் திரும்பச் செலுத்தினார்கள். மலத்தை மட்டும் சோதித்து நிறுத்திக்கொள்ளாமல், எண்டோஸ்கோப்பி மூலம் குடல் சுவரிலிருந்தே மாதிரி எடுத்தும் பார்த்தார்கள்.

சொந்த மலத்தைத் திரும்பப் பெற்றவர்கள் சில நாட்களில் மீண்டார்கள். சும்மா விட்டவர்கள் மூன்று வாரத்தில் ஓரளவு பழைய நிலைக்கு வந்தார்கள். புரோபயாடிக் சாப்பிட்டவர்களோ ஐந்து மாதமாகியும் முழுமையாக மீளவில்லை. மாத்திரையில் இருந்த பாக்டீரியா குடலில் இடம்பிடித்துக்கொண்டது, அந்த ஆளின் சொந்த பாக்டீரியா திரும்பி வருவதைத் தாமதப்படுத்தியது. லாக்டோபேசில்லஸ் வெளியிடும் பொருட்கள் மற்ற குடல் பாக்டீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பதை ஆய்வகக் குடுவையிலும் கண்டார்கள்.

இதை வைத்துக்கொண்டு "புரோபயாடிக் விஷம்" என்று சொல்லிவிடக் கூடாது. 21 பேர், ஒரே ஒரு கலவை, எல்லோரும் நலமானவர்கள். மீட்சி தாமதமானவர்களுக்கு அதனால் நோய் வந்ததாகவும் ஆய்வு காட்டவில்லை. ஆனால் "நல்ல பாக்டீரியாவைத் திரும்ப நிரப்புகிறது" என்ற வாக்கியத்தை இதற்குப் பிறகும் கூசாமல் அட்டையில் அச்சடிப்பது சரியில்லை. உங்கள் குடலில் இருப்பவை நூற்றுக்கணக்கான இனங்கள். அவற்றில் பெரும்பாலானவை காற்றுப் பட்டாலே சாகக்கூடியவை. கேப்சூலில் வருவது ஒன்றோ பத்தோ, அதுவும் தொழிற்சாலையில் வளர்க்க வசதியான ரகங்கள்.

அப்படின்னா எதுக்குத்தான் சான்று இருக்கு?

ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதற்கு. குழந்தைகளிடம் நடந்த 33 சோதனைகளை, மொத்தம் 6,352 குழந்தைகள், காக்ரேன் அமைப்பு 2019-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தது. புரோபயாடிக் இல்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களில் 100-க்கு 19 பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. புரோபயாடிக்கும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 8 பேருக்கு. இதையே கொஞ்சம் மாற்றிச் சொன்னால், ஒன்பது குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்குப் பேதி தவிர்க்கப்படும். மற்ற எட்டுப் பேரில் பெரும்பாலோருக்கு எப்படியும் வந்திருக்காது, ஓரிருவருக்குக் கொடுத்தும் வரும். என் பார்வையில் இது மோசமான கணக்கு அல்ல. பிரமாதமும் அல்ல.

பெரியவர்கள் கதைதான் சுவாரஸ்யம். 2007-ல் லண்டன் மருத்துவமனைகளில், ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருந்த 135 முதியவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் அடங்கிய தயிர் பானம், மற்றவர்களுக்குக் கிருமி நீக்கிய மில்க்ஷேக். பானம் குடித்தவர்களில் 12 சதவீதம் பேருக்கும் மில்க்ஷேக் குடித்தவர்களில் 34 சதவீதம் பேருக்கும் வயிற்றுப்போக்கு. பெரிய வெற்றி போலத் தெரிந்தது. ஆனால் விமர்சகர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: பால் ஒத்துக்கொள்ளாத முதியவருக்கு தினமும் மில்க்ஷேக் கொடுத்தால் அதுவே பேதியைக் கிளப்பாதா? புளித்த பானத்தில் லாக்டோஸ் குறைவு, மில்க்ஷேக்கில் அதிகம். அப்படியானால் தெரிந்த வித்தியாசத்தில் எவ்வளவு பாக்டீரியாவால், எவ்வளவு மில்க்ஷேக்கால்?

ஆறு வருஷம் கழித்து, 2013-ல், பிளாசைட் என்ற பெரிய சோதனையின் முடிவு வந்தது. வேல்ஸிலும் வடகிழக்கு இங்கிலாந்திலும் ஐந்து மருத்துவமனைகள், 65 வயதைத் தாண்டிய ஏறக்குறைய மூவாயிரம் பேர். 21 நாள் லாக்டோபேசில்லஸும் பிஃபிடோபாக்டீரியமும் கலந்த கேப்சூல், அல்லது அதே போலத் தெரியும் போலி கேப்சூல். வயிற்றுப்போக்கு வந்தது ஒரு பக்கம் 10.8 சதவீதம், மறுபக்கம் 10.4. பயன் ஒன்றும் தெரியவில்லை.

சிறு சோதனைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பெரியவர்களுக்கும் பயன் இருப்பதாகவே கணக்கு வருகிறது. இருப்பதிலேயே பெரிய தனிச் சோதனை இல்லை என்கிறது. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2020-ல் சான்றுகளை எடைபோட்டு, ஆன்டிபயாடிக் எடுப்பவர்களைத் தாக்கும் குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பேதிக் கிருமியைத் தடுக்க, குறிப்பிட்ட சில ரகங்களை மட்டும், அதுவும் "சான்றின் தரம் குறைவு" என்ற குறிப்போடு, சொல்லியது. வேண்டாம் என்பவர்கள் விட்டுவிடலாம் என்றும் சேர்த்துச் சொல்லியது. இன்றைய நிலைக்கு இதுவே நேர்மையான பதில் என்று நினைக்கிறேன்.

கடையில ஏகப்பட்டது இருக்கு. எதைப் பார்த்து வாங்குறது?

ரகத்தைப் பார்த்து. நெல்லில் பொன்னியும் சீரகச் சம்பாவும் வேறு வேறாக இருப்பது போல, லாக்டோபேசில்லஸிலும் ரகத்துக்கு ரகம் குணம் மாறும். ஒன்றில் கிடைத்த சோதனை முடிவை இன்னொன்றுக்கு எடுத்து ஒட்ட முடியாது. குழந்தைகளின் ஆன்டிபயாடிக் பேதிக்கு நன்றாகச் சோதிக்கப்பட்டவை இரண்டு. ஒன்று லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ஜிஜி. இன்னொன்று சாக்கரோமைசிஸ் பவுலார்டி, இது பாக்டீரியாவே அல்ல, ஒரு வகை ஈஸ்ட். 1920-களில் ஹென்றி பவுலார்டு என்ற பிரெஞ்சுக்காரர் இந்தோசீனாவில் லிச்சி, மங்குஸ்தான் பழங்களிலிருந்து பிரித்தெடுத்தது. ஈஸ்ட் என்பதால் ஆன்டிபயாடிக் இதைக் கொல்லாது, அது ஒரு வசதி.

அடுத்தது அளவு. குழந்தைகளிடம் நடந்த சோதனைகளில் ஒரு நாளைக்கு 500 கோடி அல்லது அதற்கு மேல் உயிருள்ள நுண்ணுயிர் கொடுத்தபோது பலன் தெளிவாகத் தெரிந்தது. இப்போது வீட்டிலிருக்கும் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். நம் ஊரில் அமாக்ஸிசிலின், கிளாவுலனிக் அமிலத்தோடு "லாக்டிக் ஆசிட் பேசில்லஸ்" சேர்த்து ஒரே மாத்திரையாக விற்கிறார்கள். அதன் அளவு பல அட்டைகளில் 60 மில்லியன் ஸ்போர் என்று இருக்கும், ஸ்போர் என்பது உறங்கு நிலையில் இருக்கும் பாக்டீரியா. 60 மில்லியன் என்றால் 6 கோடி. நாளைக்கு இரண்டு மாத்திரை போட்டால் 12 கோடி. 500 கோடியோடு ஒப்பிடுங்கள், நாற்பதில் ஒரு பங்குகூட வராது. ரகத்தின் பெயரும் பெரும்பாலும் இருக்காது. அதைச் சேர்த்திருப்பதால் கெடுதல் இல்லை, ஆனால் "புரோபயாடிக் சேர்த்தது" என்று அதற்காகத் தனி விலை கொடுக்க வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் குப்பியில் 5 மில்லியாக வரும் பேசில்லஸ் கிளாசி பிள்ளைகளுக்கு மிகவும் பிரபலம். ஒரு குப்பியில் 200 கோடி ஸ்போர். அதிலுள்ள ரகங்கள் பல ஆன்டிபயாடிக்குகளைத் தாங்கக்கூடியவை. ஆனால் மேலே சொன்ன இரண்டுக்கும் இருக்கும் அளவுக்கு இதற்குச் சோதனைகள் இல்லை.

எப்போ ஆரம்பிக்கணும், எப்போ நிறுத்தணும்?

ஆன்டிபயாடிக் ஆரம்பித்த அன்றே, தாமதமானாலும் இரண்டு நாளுக்குள். பேதி வந்த பிறகு தொடங்கினால் தடுப்பதற்கு என்ன இருக்கிறது? பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாடிக்குக்கும் அதற்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விடுங்கள். பவுலார்டிக்கு அந்த இடைவெளி தேவையில்லை. ஆனால் ஃப்ளூகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து கூடவே போகிறதென்றால் அது ஈஸ்டைக் கொன்றுவிடும். கோர்ஸ் முடிந்து ஒரு வாரத்தில் நிறுத்திவிடலாம். மாதக் கணக்கில் தொடர்வதற்கு எந்தச் சான்றும் இல்லை.

தயிர், பழைய சோறு, இட்லி இதெல்லாம் போதாதா?

இட்லியை முதலில் எடுத்துவிடலாம். மாவைப் புளிக்கவைத்த பாக்டீரியா இட்லிக் கொப்பரையிலேயே செத்துவிடும். எளிதில் செரிக்கும் என்பதற்காகத் தாராளமாகச் சாப்பிடுங்கள், புரோபயாடிக் என்பதற்காக வேண்டாம்.

தயிரிலும் பழைய சோற்றிலும் உயிருள்ள பாக்டீரியா உண்டு. ஆனால் எந்த ரகம், எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு, உறைக்கு உறை மாறும். தயிரை வைத்து நடந்த சில சோதனைகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. பேதி நேரத்தில் தயிர் சாதம் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும், மலிவு, கெடுதல் இல்லை. இதற்கு மேல் அதன் மீது பாரம் ஏற்ற வேண்டாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. சிப்ரோஃப்ளாக்ஸசின், டாக்ஸிசைக்ளின் ஆகியவற்றைத் தயிர், மோர், பாலோடு சேர்த்து விழுங்கக் கூடாது. பாலிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், அது ரத்தத்துக்குள் சரியாகப் போகாது. சிப்ரோஃப்ளாக்ஸசினைப் பால் பொருளுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ போடுங்கள். வயிற்றுக்கு நல்லது என்று மோரில் மாத்திரையை விழுங்குபவருக்கு ஜுரம் இறங்காமல் போக இதுவே காரணமாக இருக்கலாம்.

குழந்தைக்கு ரெண்டாவது நாளே நாலு தடவை தண்ணியா போகுது. சிரப்பை நிறுத்திடட்டுமா?

நீங்களாக நிறுத்த வேண்டாம், எழுதிய டாக்டரிடம் பேசுங்கள். மூன்று வயதுப் பிள்ளை, காது வலிக்கு அமாக்ஸிசிலின் கிளாவுலனிக் சிரப், நாளைக்கு நான்கு முறை இளகிப் போகிறது, ரத்தம் இல்லை, விளையாடுகிறது, சிறுநீர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இது முன்பு சொன்ன சாதாரண வகை. ஒவ்வொரு தடவை போன பிறகும் 100 முதல் 200 மில்லி வரை ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால் 50 முதல் 100 மில்லி. வழக்கமான சாப்பாடு தொடரட்டும். மருந்தைச் சாப்பாடு தொடங்கும்போது கொடுத்தால் வயிறு கொஞ்சம் தாங்கும்.

டாக்டரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு: "கிளாவுலனிக் அமிலம் குறைவான சிரப் இருக்கிறதா?" நாளைக்கு மூன்று வேளை கொடுக்கும் பழைய விகிதம் நான்குக்கு ஒன்று. இரண்டு வேளைக்கான ஏழுக்கு ஒன்று விகிதத்தில் பேதி குறைவாக வருகிறது. சில சமயம் அவர் "வெறும் அமாக்ஸிசிலினே போதும்" என்று மாற்றிக்கொடுக்கவும் கூடும்.

ரத்தம் அல்லது சளி கலந்து போவது, விடாத வாந்தி, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் இல்லாமை, துவண்டு கிடப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலும் போனில் பேசிக்கொண்டிருக்காமல் நேரில் கொண்டுபோங்கள்.

அப்பாவுக்கு 68 வயசு. பல்லுக்கு கிளிண்டாமைசின் சாப்பிட்டு முடிச்சு பத்து நாள் ஆச்சு. இப்போ எட்டு தடவை தண்ணியா போறார், லேசா ஜுரம். புரோபயாடிக் கொடுக்கலாமா?

இல்லை, இன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். வயது, கிளிண்டாமைசின், மருந்து முடிந்த பிறகு தொடங்கியது, ஜுரம்: எல்லாம் சேர்ந்து குளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியைச் சந்தேகிக்க வைக்கின்றன. வாயுத் தொல்லைக்கு தினமும் பான்டோபிரசோல் போடுபவராக இருந்தால் சந்தேகம் இன்னும் கூடும். ஆன்டிபயாடிக் முடிந்து ஒரு மாதம் வரை இந்த ஆபத்து அதிகம், மூன்று மாதம் வரைகூட நீளலாம்.

இந்தக் கிருமி ஸ்போராகக் குடலுக்குள் வரும். நம் பாக்டீரியா நன்றாக இருக்கும்போது, அவை மாற்றியமைத்த பித்த அமிலங்கள் இதை வளரவிடாது. ஆன்டிபயாடிக் அந்த வேலைக்காரர்களைக் கொன்றுவிட்டால் மாற்றப்படாத பித்த அமிலம் குடலில் தேங்கும், ஸ்போர் முளைப்பதற்கு அதுவே தூண்டுகோல். முளைத்த கிருமி நஞ்சை வெளியிட்டுப் பெருங்குடல் சுவரைப் புண்ணாக்கும்.

அங்கே மலத்தில் கிருமியின் நஞ்சு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உறுதியானால் வான்கோமைசின் 125 மில்லிகிராம் நாளைக்கு நான்கு வேளை, பத்து நாள், வாய்வழியாக. ஊசியில் போட்டால் அந்த மருந்து குடலுக்குள் போதிய அளவு வந்து சேராது. ஃபிடாக்ஸோமைசின் என்ற மருந்தும் உண்டு. போகும் வரை பேதியை நிறுத்துகிறேன் என்று லோபெரமைடு கொடுக்காதீர்கள், நஞ்சு உள்ளேயே தேங்கிவிடும். வீட்டில் சானிடைசரை நம்ப வேண்டாம், அது ஸ்போரைக் கொல்லாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கை கழுவுங்கள், கழிவறைக்கு பிளீச்சிங்.

முதல்முறை குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்ப வருகிறது. திரும்பத் திரும்ப வருபவர்களுக்குத்தான் நலமானவரின் மலத்தைச் செலுத்தும் சிகிச்சை. 2013-ல் நெதர்லாந்தில் வெளியான சோதனையில் ஒருமுறை செலுத்தியே 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் பெற்றவர்களில் 13-க்கு 4. அருவருப்பாக இருக்கலாம், ஆனால் குடலை உண்மையிலேயே பழைய நிலைக்குத் திருப்பியது கேப்சூல் அல்ல, முழுக் கூட்டம்தான் என்பதை இது காட்டுகிறது. அமெரிக்காவில் 2022, 2023-ல் இதை மருந்தாகவே அனுமதித்துவிட்டார்கள்.

புரோபயாடிக் யாருக்கு ஆபத்து?

நலமானவருக்கு வயிற்று உப்புசத்தைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் வராது. கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், ஐ.சி.யூ.-வில் இருப்பவர், கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்தக்குழாயில் குழாய் போட்டிருப்பவர் ஆகியோர் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. பவுலார்டி ஈஸ்ட் ரத்தத்தில் கலந்து தொற்றான சம்பவங்கள் உண்டு. பக்கத்துப் படுக்கையில் பாக்கெட்டைப் பிரித்தபோது பறந்த தூளே போதுமாக இருந்திருக்கிறது. நெதர்லாந்தில் கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நடந்து 2008-ல் வெளியான சோதனையில், புரோபயாடிக் பெற்றவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 6 சதவீதம்.

பச்சிளங்குழந்தைகள் விஷயத்தில் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். ஒடிசா கிராமங்களில் 4,556 பிறந்த குழந்தைகளிடம் நடந்து 2017-ல் வெளியான சோதனையில், லாக்டோபேசில்லஸ் பிளான்டாரமும் அதற்கான நார்ச் சர்க்கரையும் ஒரு வாரம் கொடுத்ததில், ரத்தத் தொற்றும் மரணமும் சேர்ந்து 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தன. அவை போதிய எடையோடு பிறந்த குழந்தைகள். குறைமாதக் குழந்தை ஒன்று கொடுத்த புரோபயாடிக்கின் பாக்டீரியாவே ரத்தத்தில் தொற்றி இறந்ததையடுத்து, 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விடுத்தது.

மலத்தை அனுப்பினா "மைக்ரோபயோம் ரிப்போர்ட்" தர்றாங்களாமே, எடுத்துப் பார்க்கலாமா?

காசு இருந்தால் உங்கள் இஷ்டம். எந்த இனம் எத்தனை சதவீதம் என்று வண்ணப் படமாக வரும். ஆனால் நலமானவருக்கு இது இருக்க வேண்டிய அளவு என்ற பொது வரம்பு எதுவும் வகுக்கப்படவில்லை, ஆளுக்கு ஆள் அவ்வளவு மாறுகிறது. ஒரே ஆளின் மாதிரியை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் இரண்டு விதமாக வருவதும் உண்டு. அந்தத் தாளை வைத்து எந்த மருந்தையும் மாற்ற முடியாது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் அவர்களே விற்கும் புரோபயாடிக் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், ரகத்தின் பெயரையும் அளவையும் மேலே சொன்னபடி பார்த்துக்கொள்ளுங்கள்.